அடுப்பு மேடையைச் சானிடைசரால் துடைத்துவிட்டு உடனே பற்றவைக்கலாமா?

மீனா, தென்காசி — 3 மார்ச் 2024, காலை 10.12

கொரோனா நேரத்தில் வாங்கிய ஐந்து லிட்டர் சானிடைசர் கேனில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் போல ஓடுகிற வகை, ஜெல் இல்லை. 70 சதவீதம் எத்தில் ஆல்கஹால் என்று லேபிளில் போட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகப் போகிறது என்பதால் என் மாமியார் அதை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு தினமும் கேஸ் அடுப்பைத் துடைக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் துடைக்கிறார். ஆனால் துடைத்த கையோடு லைட்டரை எடுத்து மறுபடி பால் வைக்கிறார். நான் சொன்னால், "அதுதான் உடனே காய்ந்துவிடுகிறதே" என்கிறார். யார் சொல்வது சரி? பயமுறுத்தல் வேண்டாம், விவரம் வேண்டும்.

அண்ணாச்சி — 3 மார்ச், 11.40

இருபது வருடம் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் ஆபத்து. சானிடைசரில் முப்பது பங்கு தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் கலந்தது எப்படிம்மா பிடித்து எரியும்? பள்ளிக்கூடத்தில் பத்து ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து நனைத்துக் கொளுத்திக் காட்டுவார்கள். நெருப்பு எரியும், நோட்டு அப்படியே இருக்கும். மாமியாரைப் பயமுறுத்தாதீர்கள்.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 3 மார்ச், மதியம் 1.05

அண்ணாச்சி, மண்ணெண்ணெய் விஷயத்தில் உங்கள் அனுபவம் உண்மைதான், ஆனால் அதே அனுபவம்தான் இங்கே தப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறது. எரிவது திரவம் இல்லை, அதன் மேல் நிற்கிற ஆவி. ஒரு திரவம் எவ்வளவு சூடானால் அதன் மேல் தீப்பிடிக்கிற அளவு ஆவி நிற்கும் என்பதுதான் கேள்வி. நம் ஊர் மண்ணெண்ணெய்க்கு அது குறைந்தது 35 டிகிரி. அதனால்தான் சாதாரண நாளில் தரையில் சிந்திய மண்ணெண்ணெய்மேல் தீக்குச்சி விழுந்தால் பெரும்பாலும் குச்சிதான் அணையும், திரி இருந்தால்தான் பிடிக்கும். 70 சதவீத எத்தில் ஆல்கஹாலுக்கு அது சுமார் 17 டிகிரி. தென்காசியில் எந்த மாதத்தில் சமையலறை 17 டிகிரிக்குக் கீழே போகிறது? ஆக அந்தத் திரவம் வருடம் முழுக்க எரியத் தயாராகத்தான் இருக்கிறது. மண்ணெண்ணெய் பழகிய கை, ஸ்பிரிட்டையும் அதே மாதிரி நினைத்துவிடுகிறது. லேப்பில் புதிதாக வருகிற பையன்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் கலந்தால் எரியாது என்பது அளவைப் பொறுத்தது. 40 சதவீதத்தில்கூட, அதாவது பிராந்தி அளவுக்குத் தண்ணீர் கலந்தாலும், சுமார் 26 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். 10 சதவீதத்துக்கு இறங்கினால்தான் ஐம்பது டிகிரி கிட்டப் போகிறது.

நோட்டு விளையாட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

கார்த்தி — 3 மார்ச், 1.30

அப்படியென்றால் காரில் வெயிலில் சானிடைசர் பாட்டில் வைத்தால் தானாக வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா? என் காரில் ஒன்று கிடக்கிறது.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 3 மார்ச், 2.20

கார்த்தி தம்பி, அது வேறு கேள்வி. பொறியோ சுடரோ இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ள எத்தில் ஆல்கஹாலுக்கு 360 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய கார் எழுபது டிகிரியைத் தொட்டாலும் அங்கே போகாது. பாட்டில் உப்பி மூடி வழியாகக் கசியலாம், அப்போது யாராவது உள்ளே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தால்தான் கதை மாறும்.

இப்போது நோட்டு. அண்ணாச்சி சொல்கிற செய்முறையில் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. ஆல்கஹால் எரிந்து தீர்கிறவரை காகிதத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, காகிதம் நூறு டிகிரியைத் தாண்ட முடிவதில்லை. ஆனால் அதைச் செய்து காட்டியவனுக்குத் தெரியும்: நோட்டை இடுக்கியில் தொங்கவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மேல் ஓரம் முதலில் காயும், கொஞ்சம் தாமதமானால் அந்த ஓரம் கருகும். ஆல்கஹாலைக் கூட்டினால் நோட்டு போயே போய்விடும். உடுத்தியிருக்கிற துணியில் 70 சதவீத சானிடைசர் சிந்தினால் தண்ணீர் நம்மைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. நோட்டே பிழைத்தாலும், எரிகிற நேரத்தில் அதைக் கையில் பிடித்திருக்கிறவன் கை சுடும்.

மீனா, தென்காசி — 3 மார்ச், மாலை 5.48

ஐயா, புரிந்தது. ஆனால் மாமியார் கேட்கிற கேள்வி இன்னும் நிற்கிறது. மேடைமேல் அடித்துத் துடைத்ததும் பளிச்சென்று காய்ந்துவிடுகிறது, நானே தொட்டுப் பார்த்தேன். காய்ந்த பிறகும் ஆபத்தா?

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 3 மார்ச், இரவு 8.15

காய்ந்தது காய்ந்ததுதான், அங்கே ஆபத்து இல்லை. எங்கே காயவில்லை என்று பாருங்கள். நாளைக்குத் துடைத்ததும் அடுப்பை ஒரு பக்கம் தூக்கி அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பர்னர் கிண்ணத்தைச் சுற்றியுள்ள சந்து, அடுப்பின் கால் ரப்பர், கேஸ் குழாய் போகிற அடிப்பக்கம், இங்கெல்லாம் ஸ்பிரே வழிந்து போய் நிற்கும். காற்று ஓட்டம் இல்லாத இடம் என்பதால் மேடை காய்ந்து வெகு நேரம் ஆனபிறகும் அது ஈரமாகவே இருக்கும்.

எவ்வளவு இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பர்னர் அடுப்பின் அடியில் உள்ள வெற்றிடம், சுமார் அறுபது செ.மீ. நீளம், முப்பத்தைந்து அகலம், எட்டு உயரம் என்று வையுங்கள், பதினேழு லிட்டர் காற்று. அதில் நூற்றுக்கு 3.3 பங்கு ஆல்கஹால் ஆவி கலந்தால் தீப்பிடிக்கும். அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆவி. அவ்வளவு ஆவியைத் தர 2 மில்லி சானிடைசர் போதும், அரை டீஸ்பூன்கூட இல்லை. அடிப்பக்கம் திறந்திருப்பதால் கொஞ்சம் வெளியே போய்விடும், அதனால் நிஜத்தில் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் ஸ்பிரேயை ஏழெட்டுத் தடவை அழுத்துகிறவர் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்.

இதே கணக்கை முழுச் சமையலறைக்குப் போட்டால் பயம் குறையும். 20 மில்லி முழுதும் ஆவியானாலும் தீப்பிடிக்கிற கலவையாக ஆவது சுமார் 180 லிட்டர் காற்றுதான். எட்டுக்குப் பத்து அடி அறையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அறையே வெடித்துவிடும் என்பது இல்லை. ஈரம் இருக்கிற இடத்தை ஒட்டித்தான் ஆபத்து. லைட்டரின் பொறி விழுவதோ சரியாக அந்த இடத்தை ஒட்டி.

அண்ணாச்சி — 3 மார்ச், 9.02

அடுப்பின் அடியில் தங்கும் என்பது சரிதான். கேஸ் லேசாகக் கசிந்த அடுப்புகளில் அந்த "பூஃப்" என்கிற சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், குனிந்து பார்த்தவர்களுக்குப் புருவம் பொசுங்கும். ஸ்பிரிட்டுக்கும் அதே இடம்தான் என்று யோசிக்கவில்லை. ஆனாலும் மண்ணெண்ணெய்தான் அதிகம் பேரைச் சாகடித்தது, அதை மறக்க வேண்டாம்.

ஜெயா, ஸ்டாஃப் நர்ஸ் — 4 மார்ச், அதிகாலை 5.20

நைட் டியூட்டி முடிகிற நேரம், சுருக்கமாக எழுதுகிறேன்.

"காய்ந்துவிட்டது" என்று கண்ணால் முடிவு செய்வதை ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் ஏற்பதே இல்லை. ஆல்கஹால் கலந்த மருந்தைத் தோலில் பூசிய பிறகு, கரன்ட் கத்தி வைப்பதற்கு முன், முடி இல்லாத தோலில் குறைந்தது மூன்று நிமிடம் விடுவோம். முடி இருக்கிற இடமென்றால் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். பெரிய கவலை பூசிய இடம் இல்லை. அங்கிருந்து வழிந்து முதுகுக்கடியில், தொப்புளில், விரித்த துணியில் தேங்குகிறதே, அதுதான். துணி நனைந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. சுந்தரம் சார் அடுப்புக்கு அடியில் சொல்வது அதேதான்.

வீட்டில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: துடைத்த துணி. அதை அடுப்பு பக்கத்திலேயே கொடியில் போடுகிறார்கள். இல்லையென்றால் தோளில் போட்டுக்கொண்டே சமைக்கிறார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஹரியானாவில் ரேவாரியில் நடந்தது நினைவிருக்கிறதா? 44 வயதுக்காரர், சமையலறையில் நின்று சாவியையும் போனையும் சானிடைசரால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் கேஸ் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அவர் குர்தாவில் சிந்தியது, ஆவி அடுப்பைத் தொட்டது, துணி பிடித்துக்கொண்டது. 35 சதவீதத் தீக்காயத்தோடு டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். அவர் அடுப்பைத் தொடவே இல்லை. தளர்ந்த துணி, அதில் ஈரம், பக்கத்தில் எரிகிற அடுப்பு, இவ்வளவுதான்.

பாஸ்கர், கேட்டரிங் — 4 மார்ச், 11.30

கல்யாணப் பந்தியில் பஃபே பாத்திரங்களுக்கு அடியில் ஸ்பிரிட் கப் வைப்போம். ஒரு மதிய விருந்தில், திறந்த பந்தலில், நல்ல வெயில். எங்கள் பையன் ஒருவன் ஒரு கப் அணைந்துவிட்டது என்று கேனோடு போய் ஊற்றினான். அணையவில்லை. வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. கேன் வாயிலிருந்து நெருப்பு குழாயில் அடிக்கிற மாதிரி நீளமாகப் பாய்ந்தது. எதிரே நின்றவருக்குத்தான் அதிகக் காயம், ஊற்றினவனுக்குக் கையில் கொஞ்சம். வெயில் சூட்டில் ஸ்பிரிட் விரிந்து வெடித்தது என்று பேசிக்கொண்டோம். அதுதான் காரணமா சார்?

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 4 மார்ச், மதியம் 3.10

விரிந்ததால் இல்லை பாஸ்கர். கேனில் ஸ்பிரிட் எவ்வளவு இருந்தது? பாதிக்குக் கீழே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். திரவத்துக்கு மேலே இருக்கிற காலி இடத்தில் காற்றும் ஆவியும் கலந்திருக்கும். பெட்ரோல் டின்னில் அந்த இடத்தில் ஆவி மிக அதிகம், காற்று போதாது, அதனால் உள்ளே எரிவது கஷ்டம். ஆல்கஹால் அப்படி இல்லை. நம் ஊர் வெப்பநிலையில், இருபது முப்பது டிகிரியில், அந்தக் காலி இடத்தில் ஆவியும் காற்றும் எரிவதற்குத் தோதான அளவிலேயே கலந்து நிற்கின்றன. கப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சுடர் ஊற்றுகிற தாரையைப் பிடித்து ஏறி உள்ளே போயிருக்கும். உள்ளே ஒரு நொடியில் எரிந்து அழுத்தம் ஏறி, மிச்சத் திரவத்தை எரிய எரிய வாய் வழியாகத் தள்ளியிருக்கும். அதனால்தான் எதிரே நின்றவருக்கு அதிகக் காயம்.

லேப்பில் ஸ்பிரிட் விளக்கை அணைத்து, மூடி போட்டு, கண்ணாடி ஆறிய பிறகுதான் நிரப்ப விடுவோம். எரிகிற விளக்கு இருக்கிற மேஜைக்கு ஸ்பிரிட் பாட்டில் வரவே கூடாது. வீட்டில் இதற்குச் சமமானது, கற்பூரம் சரியாகப் பிடிக்கவில்லை, அடுப்புக்கரி பிடிக்கவில்லை என்று சானிடைசரை எடுத்து ஊற்றுவது. துடைப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

பாஸ்கர், கேட்டரிங் — 4 மார்ச், 3.55

பாதிக்கும் குறைவுதான் இருந்தது. இப்போது ஊற்றுகிற வேலையே கிடையாது, திரி வைத்து அடைத்த டின்தான். அணைந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறதா?

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 4 மார்ச், 4.20

நிழலில் பாருங்கள், நீலம் தெரியும். வெயிலென்றால் கப்புக்குப் பின்னால் இருக்கிற பொருள் கானல் மாதிரி ஆடும். சந்தேகமாக இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு ஆறும்வரை காத்திருங்கள், கையை மட்டும் மேலே கொண்டுபோகாதீர்கள்.

மீனா, தென்காசி — 4 மார்ச், மாலை 6.30

இன்று காலை மாமியாரையே அடுப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மேடை காய்ந்து வெகு நேரம் ஆகியும் இடது பர்னருக்கு அடியில் ஒரு சின்னக் குளம், மூக்கில் ஏறுகிற வாசனை. அவரே விரலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். அடுப்புக்குச் சோப்புத் தண்ணீர்தான் இனி.

ஆனால் அவர் இன்னொன்று கேட்கிறார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே போய்விட்டு வந்து கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு சாயங்காலம் குத்துவிளக்கு ஏற்றுகிறார். கைக்கும் மூன்று நிமிடமா?

ஜெயா, ஸ்டாஃப் நர்ஸ் — 4 மார்ச், இரவு 7.45

அம்மா, கையில் போடுகிற அளவு குறைவு. இரண்டு கையையும் விரல் இடுக்கோடு தேய்த்தால் இருபது முப்பது நொடியில் காய்ந்துவிடும். அதன் பிறகு தோலில் மிஞ்சுவது கொஞ்சம் கிளிசரின்தான். ஆபத்து, ஈரக் கையோடு தீக்குச்சி உரசுகிறவர்களுக்கு. ஜெல் என்றால் கூடுதல் கவனம், மோதிரத்துக்கு அடியிலும் வளையல் சந்திலும் கொழகொழவென்று தங்கும். வழுக்கல் முழுக்கப் போகும்வரை தேய்க்கட்டும், முந்தானையில் துடைக்க வேண்டாம். துடைத்தால் ஈரம் துணிக்குப் போகிறது, அந்த முந்தானைதான் விளக்குக்குக் கிட்டப் போகிறது. வீட்டில் குழாய் இருக்கிறதே, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஏற்றினால் இந்தக் கேள்வியே இல்லை.

கார்த்தி — 4 மார்ச், 8.30

ஆவி காற்றைவிடக் கனம் என்று படித்தேன். அப்படியென்றால் மேடைமேல் இருக்கிற அடுப்பைவிடத் தரையில் இருக்கிற குத்துவிளக்குதானே ஆபத்து? தரையில் சிந்தினால் ஓடி வந்து பிடிக்குமே.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 4 மார்ச், 9.10

நல்ல கேள்வி. சுத்தமான எத்தில் ஆல்கஹால் ஆவி காற்றைப் போல 1.6 மடங்கு கனம். ஆனால் நிஜத்தில் அது காற்றோடு கலந்தே இருக்கும், நூற்றுக்கு நாலைந்து பங்கு கலந்த காற்று சாதாரணக் காற்றைவிட ரொம்பக் கொஞ்சம்தான் கனம். காற்று அசையாத இடத்தில் தரையோடு தவழும், மின்விசிறி ஓடினால் கலைந்துவிடும். அதனால் எத்தனை அடி தள்ளி இருந்தால் பயமில்லை என்று ஒரே எண்ணைச் சொல்ல நான் தயாரில்லை.

ஜெயா, ஸ்டாஃப் நர்ஸ் — 4 மார்ச், 9.40

சார், விசிறி கலைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஈரத்துணியின் ஆவியை விளக்குப் பக்கம் தள்ளுவதும் விசிறிதான். எங்கள் வார்டில் நாங்கள் பார்ப்பது எரிந்து வந்தவர்களை மட்டும், கலைந்துபோன ஆவியை யாரும் கொண்டு வருவதில்லை. தரையில் கொட்டினால் முதலில் விளக்கை அணைக்கட்டும், அப்புறம் ஜன்னல், அப்புறம் துடைப்பது.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 4 மார்ச், 9.52

அந்த வரிசை சரி. விசிறி விஷயத்தில் எனக்கு இன்னும் உங்களோடு முழு உடன்பாடு இல்லை. ஜன்னலைத் திறந்து வெளிப்பக்கம் தள்ளுகிற காற்று நல்லதுதான். ஆனால் கொட்டின பிறகு சுவிட்சைத் தட்டுவதும் ஒரு பொறிதான், அதனால் ஓடுகிற விசிறி ஓடட்டும், நிற்கிற விசிறி நிற்கட்டும்.

பாஸ்கர், கேட்டரிங் — 5 மார்ச், காலை 7.15

பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாமா? எங்கள் ஆட்கள் எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பழகியவர்கள், இதற்கும் பயப்படுகிறார்கள்.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 5 மார்ச், 8.40

எண்ணெய் தண்ணீரில் கலக்காது, ஆல்கஹால் கலக்கும், அந்த வித்தியாசம் நமக்குச் சாதகம். ஆனால் கொஞ்சமாக ஊற்றிப் பயனில்லை. 50 மில்லி சிந்தியிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்த பிறகுதான் எரியாத அளவுக்கு இறங்கும். வேகமாக விசிறி ஊற்றினால் எரிகிற திரவம் தெறித்துப் பரவும். சின்ன இடமென்றால் தட்டாலோ, பிழிந்த ஈரமான தடித்த துண்டாலோ மூடுவது முதல் வழி. பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி இருந்தால் தண்ணீரை யோசிக்கவே வேண்டாம்.

ஜெயா, ஸ்டாஃப் நர்ஸ் — 5 மார்ச், 9.05

ஆள்மேல் பிடித்தால் ஓட விடக் கூடாது, படுக்க வைத்து உருட்ட வேண்டும், தண்ணீர் கையில் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். கை எரிந்தால் சானிடைசர் ஈரமுள்ள இன்னொரு கையால் தட்டாதீர்கள், இரண்டும் பிடிக்கும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பேஸ்ட், மாவு, இங்க் எதையும் தடவிக்கொண்டு வராதீர்கள்.

மீனா, தென்காசி — 5 மார்ச், 11.20

கேனில் இருக்கிற இரண்டரை லிட்டரை என்ன செய்வது? சிங்க்கில் கொட்டச் சொல்கிறார் வீட்டுக்காரர்.

சுந்தரம் (கல்லூரி லேப், ஓய்வு) — 5 மார்ச், மதியம் 12.45

அப்படியே சிங்க்கில் வேண்டாம், ஆவி குழாய்க்குள் தங்கும், சிங்க்குக்குப் பக்கத்தில்தான் அடுப்பு இருக்கிறது. வெளியே, அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாத இடத்தில், வாளியில் பத்து மடங்கு தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் பிடிக்காது, பிறகு வாசலில் கொட்டலாம். காலி கேனையும் மூடாமல் வெளியே வைத்து, தண்ணீர் விட்டு அலசுங்கள். திரவம் போன பிறகும் உள்ளே ஆவி நிற்கும். கைக்கு வேண்டுமென்றால் நூறு மில்லி பம்ப் பாட்டில் ஒன்றை எடுத்து வாசல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்படியில் வேண்டாம்.

அண்ணாச்சி — 5 மார்ச், 1.30

கேனைப் பழைய இரும்புக்கடைக்குப் போடுவதற்கு முன்னால் அலசச் சொன்னது சரி. அங்கே வெல்டிங் வைத்திருப்பார்கள்.